சல்லடைப் பட்டியலின் போட்டோவிலிருந்து பாஸிங் சதவீதம்: படித்துச் சரிபார்த்துக் கணக்குப் போடும் முறை

மண் ஆய்வகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். கோடு போட்ட தாளில் சல்லடை அளவுகள் ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் தங்கிய மண்ணின் எடை மறுபக்கம், கடைசியில் அடித்தட்டான பேனில் விழுந்தது. ‘பாஸிங் போட்டு அனுப்புங்க’ என்று ஒரு வரி. எடுத்த மண்ணில் எத்தனை சதவீதம் ஒவ்வொரு சல்லடையையும் கடந்து கீழே போயிருக்கிறது என்பதுதான் பாஸிங். கணக்கு என்று பார்த்தால் கூட்டலும் கழித்தலும் ஒரு வகுத்தலும்தான். தப்பு நடப்பது பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்: போட்டோவில் உள்ள எண்ணைத் தவறாகப் படிப்பது, எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்று தெரியாமல் வகுப்பது. இந்தக் கட்டுரையில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

இந்திய ஆய்வகங்களில் மண்ணின் துகள் அளவுச் சோதனை ஐ.எஸ். 2720 பாகம் 4 (1985) படி நடக்கிறது. கீழே வரும் உதாரணமும் அந்த நடைமுறையில்தான்: உலர்ந்த மண்ணை எடைபோட்டு, ஊறவைத்து, 75 மைக்ரான் சல்லடையில் நீர் தெளியும்வரை கழுவி, தங்கியதை உலர்த்தும் அடுப்பான அவனில் உலர்த்தி, பிறகு சல்லடை அடுக்கில் சலித்திருக்கிறார்கள்.

போட்டோவில் முதலில் தேட வேண்டியவை

பட்டியலுக்குள் பாய்வதற்கு முன் தாளின் தலைப்பையும் ஓரங்களையும் பாருங்கள். மூன்று விஷயம் வேண்டும். சோதனைக்கு எடுத்த மொத்த உலர் எடை. கழுவினார்களா, கழுவியிருந்தால் கழுவி உலர்த்திய பின் எடை எவ்வளவு. மூன்றாவது, எடைப் பத்தியின் தலைப்பு என்ன சொல்கிறது.

முதல் இரண்டும் பல தாள்களில் பட்டியலுக்கு வெளியே, மேல் மூலையிலோ அடியிலோ பென்சிலில் கிறுக்கியிருக்கும். போட்டோ எடுப்பவர் பட்டியலை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பிவிடுவார். அப்படி வந்தால் கணக்கைத் தொடங்காதீர்கள். தாளின் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி இன்னொரு படம் கேளுங்கள். தாளைத் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து, ஃப்ளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், தசமப் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்பினால் முழுப்படமும் அப்படியே வரும்.

பத்தித் தலைப்பில் கவனம் வேண்டியது இதற்காக: சிலர் ‘சல்லடை + மண்’ எடையைத்தான் எழுதியிருப்பார்கள், காலிச் சல்லடையின் எடை பக்கத்துப் பத்தியில் இருக்கும். அப்போது வரிக்கு வரி கழித்தால்தான் தங்கிய எடை கிடைக்கும். இது கூடுதல் வேலையாகத் தோன்றினாலும் நமக்கு நல்லது. ஒவ்வொரு வரியும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். வேறு சிலர் ஏற்கெனவே கூட்டிக்கொண்டே வந்த குமுலேட்டிவ் எடையை எழுதியிருப்பார்கள். அதைத் தனித்தனி எடை என்று நினைத்து மறுபடி கூட்டினால் விடை மண்ணின் மொத்த எடையைப் போலப் பல மடங்கு வரும். அடையாளம் எளிது: மேலிருந்து கீழே எந்த இடத்திலும் குறையாமல் ஏறிக்கொண்டே போய், பேன் வரியில் மொத்த எடைக்கு அருகில் வந்து நின்றால் அது குமுலேட்டிவ் பத்தி.

உதாரணப் பட்டியல்

தாளின் தலைப்பில்: எடுத்த உலர் எடை 500.0 கிராம். அடியில்: கழுவி உலர்த்திய பின் 449.0 கிராம். நடுவில் இந்த எண்கள்.

| சல்லடை | தங்கிய எடை (கிராம்) |
|---|---|
| 4.75 மி.மீ. | 9.5 |
| 2.36 மி.மீ. | 38.0 |
| 1.18 மி.மீ. | 71.5 |
| 600 மைக்ரான் | 103.0 |
| 425 மைக்ரான் | 62.0 |
| 300 மைக்ரான் | 68.5 |
| 150 மைக்ரான் | 64.0 |
| 75 மைக்ரான் | 24.5 |
| பேன் | 6.5 |

இதைத் தாளிலிருந்து எடுத்து எழுதும்போது மேலிருந்து கீழே ஒரு முறை எழுதுங்கள். பிறகு எழுதியதைக் கீழிருந்து மேலே போட்டோவுடன் ஒப்பிடுங்கள். அதே திசையில் இரண்டாம் முறை படித்தால் கண் முதலில் கண்டதையே மறுபடி காணும். சாய்வாக எடுத்த படத்தில் வரி மாறிவிடுவது சகஜம், குறிப்பாக ஒரு சல்லடையில் எதுவும் தங்காமல் அந்தக் கட்டம் காலியாக இருந்தால். காலிக் கட்டத்துக்குக் கீழே உள்ள எண்ணெல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிடும். எனவே திரையில் ஒரு தாளின் விளிம்பை வரியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு படிப்பது நல்லது. ஒன்றும் தங்காத சல்லடைக்கு 0.0 என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள்.

சல்லடை அளவின் அலகையும் இங்கேயே ஒரே மாதிரி ஆக்கிவிடலாம். 600 மைக்ரான் என்பது 0.600 மி.மீ., 75 மைக்ரான் 0.075 மி.மீ. சில தாள்களில் பட்டியல் பேனிலிருந்து தொடங்கித் தலைகீழாக இருக்கும். கணக்குக்குப் பெரிய சல்லடை மேலேயும் பேன் கடைசியிலும் வர வேண்டும்.

சதவீதத்துக்கு முன் கூட்டுத்தொகை

ஒன்பது எண்ணையும் கூட்டினால் 447.5 வருகிறது. சலிக்கப் போட்டது 449.0. குறைவு 1.5 கிராம், அதாவது 449-இல் சுமார் 0.33 சதவீதம். சல்லடைக் கண்ணில் சிக்கியது, தூசாகப் பறந்தது, தட்டில் ஒட்டியது என்று இவ்வளவு போவது இயல்பு. மாணவர் ஆய்வகங்களில் ஒன்றிரண்டு சதவீதம் வரை விட்டுவிடுகிறார்கள். கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான அமெரிக்கத் தர முறை ஏ.எஸ்.டி.எம். சி136 இன்னும் கடுமை: தொடக்க எடைக்கும் கூட்டுத்தொகைக்கும் 0.3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த முடிவைப் பொருளை ஏற்பதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. உங்கள் திட்டத்தின் ஒப்பந்தம் எந்த வரம்பைச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒப்பிட வேண்டிய எண் 449.0, 500.0 அல்ல. கழுவும்போது போன 51 கிராம் சல்லடை அடுக்குக்கே வரவில்லை. இதைக் கவனிக்காமல் 500-உடன் ஒப்பிட்டு ‘52.5 கிராம் காணவில்லை’ என்று ஆய்வகத்துக்கு போன் போடுகிறவர்கள் உண்டு. கழுவாமல் நேரே உலர் சலிப்பு மட்டும் செய்திருந்தால் ஒப்பிட வேண்டியது எடுத்த மொத்த எடையோடுதான்.

கூட்டுத்தொகை பொருந்தவில்லை என்றால் வித்தியாசமே தப்பு எங்கே என்று கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். 1.18 மி.மீ. வரியில் 71.5-இன் ஏழு மேல்கோடு மங்கி ஒன்றாகத் தெரிந்து, 11.5 என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 387.5, குறைவு 61.5. வழக்கமான ஒன்றிரண்டு கிராம் இழப்பைத் தள்ளினால் 60 மிச்சம். பத்தின் இடத்தில் ஓர் இலக்கம் ஆறு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கையெழுத்தில் ஆறு வித்தியாசத்தில் குழப்பும் ஜோடிகள் 1-க்கும் 7-க்கும், 0-க்கும் 6-க்கும் இடையில். பட்டியலில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று தேடினால் 11.5 மாட்டுகிறது. ஆனால் 103.0-ம் மாட்டுகிறது: அது 163.0 ஆக இருந்து ஆறு பூஜ்யமாகத் தெரிந்திருந்தாலும் இதே 60 குறையும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தோதாக மாற்றிவிட்டால் கூட்டுத்தொகை பொருந்திவிடும், ஆனால் எது உண்மை என்று கூட்டுத்தொகை சொல்லாது. 11.5-ஐ அப்படியே வைத்து 103-ஐ 163 ஆக்கினால், 600 மைக்ரானிலிருந்து கீழே எல்லாம் சரியாகவே வரும். 1.18 மி.மீ.-இல் மட்டும் 76.2 வர வேண்டிய இடத்தில் 88.2 சதவீதம் என்று வரும். 2.36-இல் 90.5, 1.18-இல் 88.2, 600-இல் 55.6 என்றால், சல்லடை அளவுக்கு எதிரே பாஸிங்கை வரைந்த வளைகோடு முதலில் படுத்துக் கிடந்து பிறகு செங்குத்தாக விழும். நல்ல அனுபவசாலி அதைப் பார்த்ததும் சந்தேகப்படுவார். ஆனால் நடுவில் சில அளவுத் துகள்கள் குறைந்த, இடைவெளி விட்ட தரம் கொண்ட மண்ணில் உண்மையிலேயே அப்படி ஒரு வளைகோடு வரலாம். ஆகவே படத்தைப் பெரிதாக்கி, தாளில் எழுதியவர் மற்ற இடங்களில் ஒன்றையும் ஏழையும் எப்படி எழுதியிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். காலிச் சல்லடை எடையும் சல்லடை + மண் எடையும் தாளில் இருந்தால் வேலை முடிந்தது: 456.0-இலிருந்து 384.5 போனால் 71.5, வேறு பேச்சில்லை. இவை எதுவும் இல்லையென்றால் எடைபோட்டவரிடம் கேட்பதைத் தவிர வழி இல்லை.

தசமப் புள்ளி விடுபட்டால் வேறு தடயம். 9.5-ஐ 95 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 533.0 ஆகும். சலிக்கப் போட்டதைவிட 84 கிராம் அதிகம். சலித்தால் மண் பெருகாது, எனவே கூட்டுத்தொகை மேலே போனாலே படித்ததில் தப்பு இருக்கலாம். மிகையை ஒன்பதால் வகுத்தால் சுமார் 9.3 வருகிறது. உண்மையான எண் அதற்கு மிக அருகில், இழப்பால் கொஞ்சம் தள்ளி இருக்கும்: 9.5. பத்து மடங்கான எண்ணிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் ஒன்பது மடங்குதானே மிச்சம். ஒன்றிரண்டு கிராம் மட்டும் கூடியிருந்தால் படித்ததில் குற்றம் இல்லாமலும் இருக்கலாம். முந்தைய மாதிரியின் துகள்கள் சல்லடைக் கண்ணில் சிக்கியிருக்க, காலிச் சல்லடையின் பழைய எடையை நம்பிக் கழித்திருக்கலாம்.

எதால் வகுப்பது

கேள்வி இதுதான்: நூறு சதவீதம் என்பது எது? எடுத்துக்கொண்ட மண் முழுவதும். கழுவும்போது 75 மைக்ரான் வழியாக நீரோடு போன களியும் வண்டலும் அந்த மண்ணின் பகுதிதான். அது சல்லடை அடுக்கைப் பார்க்கவில்லையே தவிர, எல்லாச் சல்லடையையும் கடந்த பொருள். ஆகவே வகுக்கும் எண் 500.0. தாளின் அடியில் பளிச்சென்று எழுதியிருக்கும் 449.0 கூட்டுத்தொகையைச் சரிபார்க்க மட்டும். அதை வகுக்கப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று கணக்கை முடித்தபின் பார்ப்போம்.

500.0 என்பது அவனில் 105 முதல் 110 டிகிரி செல்சியஸில் உலர்த்திய எடைதானா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். காற்றில் காயவைத்த மண்ணை 500 எடுத்திருந்தால் அதில் ஈரம் இருக்கும். ஈரம் 3 சதவீதம் என்றால் உண்மையான உலர் எடை 500-ஐ 1.03-ஆல் வகுத்தது, அதாவது 485.4 கிராம். கழுவியபின் எடுத்த எடைகள் எல்லாம் அவனில் உலர்ந்தவை, தொடக்க எடை மட்டும் ஈரத்தோடு. அந்த 14.6 கிராம் தண்ணீரும் 75 மைக்ரானைக் கடந்த மண்ணாகக் கணக்கில் ஏறிவிடும். நம் உதாரணத்தில் அந்த ஒரு பிழையே 75 மைக்ரான் பாஸிங்கை 9.2-இலிருந்து 11.8-க்குத் தூக்கிவிடும். தாளில் ‘உலர்’ என்ற சொல் இல்லையென்றால் கேளுங்கள். நம் உதாரணத்தில் 500.0 அவனில் உலர்த்திய எடைதான்.

கணக்கு

மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டே வாருங்கள். 4.75-இல் 9.5. 2.36-இல் அதோடு 38.0 சேர்ந்து 47.5. 1.18-இல் 71.5 சேர்ந்து 119.0. இந்த 119.0 கிராம் என்பது 1.18 மி.மீ.-ஐக் கடக்க முடியாத மண் முழுவதும், அந்தச் சல்லடையில் கிடந்தது மட்டுமல்ல. அதை 500-இலிருந்து கழித்தால் 381.0 கிராம் கடந்திருக்கிறது. 381.0-ஐ 500-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 76.2 சதவீதம். எல்லா வரிக்கும் இதேதான்.

| சல்லடை (மி.மீ.) | தங்கியது | கூட்டித் தங்கியது | பாஸிங் % |
|---|---|---|---|
| 4.75 | 9.5 | 9.5 | 98.1 |
| 2.36 | 38.0 | 47.5 | 90.5 |
| 1.18 | 71.5 | 119.0 | 76.2 |
| 0.600 | 103.0 | 222.0 | 55.6 |
| 0.425 | 62.0 | 284.0 | 43.2 |
| 0.300 | 68.5 | 352.5 | 29.5 |
| 0.150 | 64.0 | 416.5 | 16.7 |
| 0.075 | 24.5 | 441.0 | 11.8 |

பேனுக்குப் பாஸிங் என்று ஒன்று கிடையாது, அதனால் பட்டியல் 75 மைக்ரானோடு நிற்கிறது. பேனின் 6.5 கிராம் வேறொரு சரிபார்ப்புக்கு உதவும். 75 மைக்ரானைக் கடந்தது என்று நேரடியாகத் தெரிந்தவை இரண்டு: கழுவிப்போன 51.0, பேனில் விழுந்த 6.5. மொத்தம் 57.5, அதாவது 11.5 சதவீதம். பட்டியலில் 11.8. நடுவில் உள்ள 0.3 சதவீதம் அந்த 1.5 கிராம் இழப்பேதான். கழித்தல் முறை காணாமல் போனதையும் நுண்துகளாகவே எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் பறப்பது தூசுதான் என்பதால் அது நியாயமான அனுமானம். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம் இழப்புக்குச் சமமாக இல்லையென்றால் எங்கோ ஒரு எண் நழுவியிருக்கிறது.

முதலில் ஒவ்வொரு தங்கிய எடையையும் சதவீதமாக்கி, அதை ஓரிலக்கத்துக்கு முழுமையாக்கி, பிறகு கூட்டுகிறவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் எட்டு முறை முழுமையாக்கிய சின்னச் சின்ன மிச்சங்கள் கடைசிச் சல்லடையில் வந்து குவியும். கிராமிலேயே கூட்டிவிட்டு, சதவீதத்தைக் கடைசியில் ஒரே முறை முழுமையாக்குங்கள். 75 மைக்ரான் எண் 12-க்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இது வெறும் அழகு விஷயமில்லை. ஐ.எஸ். 1498 வகைப்பாட்டில் நுண்துகள் 5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் ஒரு பெயர், 12-க்கு மேல் போனால் வேறு பெயர், இடையில் இருந்தால் இரட்டைக் குறியீடு.

449-ஆல் வகுத்தால்

இப்போது அந்தத் தப்பைச் செய்து பார்ப்போம். 75 மைக்ரானில் 441.0-ஐ 449.0-இலிருந்து கழித்தால் 8.0 கிராம். பாஸிங் 1.8 சதவீதம். உண்மை 11.8. 600 மைக்ரானில் 55.6-க்குப் பதில் 50.6 வருகிறது. 4.75-இல் 98.1-க்குப் பதில் 97.9. கீழே போகப் போக இடைவெளி விரிகிறது. மேல் வரிகளைப் பார்த்து ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்துவிடலாம் என்பதுதான் இதில் ஆபத்து.

அந்த 1.8 சதவீதத்தை நம்பினால் இது நுண்துகள் இல்லாத சுத்தமான மணல். 10 சதவீதம் பாஸிங் வரும் துகள் அளவான D10 0.17 மி.மீ. அருகிலும், 60 சதவீதம் வரும் அளவான D60 0.79 அருகிலும் கிடைத்து, D60-ஐ D10-ஆல் வகுத்த சீர்மைக் கெழு Cu சுமார் 4.6 என்று வரும். பல அளவுத் துகள்களும் நன்றாகக் கலந்த மணலுக்கு Cu 6-க்கு மேல் வேண்டும், எனவே அப்படிக் கலக்காத மணலின் குறியீடான SP என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும், எந்த இடமும் உறுத்தாது. சரியான கணக்கிலோ 11.8 சதவீதம் 75 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறது. அதாவது D10 சல்லடை எட்டாத இடத்தில் இருக்கிறது. D60 0.69, D30 0.30 என்று வளைகோட்டிலிருந்து எடுக்கலாம். D10-க்கு ஹைட்ரோமீட்டரோ பிப்பெட்டோ வேண்டும். அது இல்லாமல் Cu போட முடியாது. 75 மைக்ரானில் 10-க்கு மேல் பாஸிங் இருக்கும்போது யாராவது சல்லடையை மட்டும் வைத்து Cu கொடுத்திருந்தால், வளைகோட்டைக் கண்ணால் கீழே நீட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வடிகாலுக்கோ சாலையின் அடித்தளத்துக்கோ மணல் தேடுகிறவருக்கு 1.8-க்கும் 11.8-க்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஒன்று தண்ணீரை விடும், மற்றது பிடித்துக்கொள்ளும்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில்

A பத்தியில் சல்லடை, B-இல் தங்கிய எடை, 2-ஆம் வரி முதல் 9 வரை சல்லடைகள், 10-இல் பேன். H1-இல் 500, H2-இல் 449. பிறகு இவ்வளவுதான்:

```
C2:  =SUM(B$2:B2)
D2:  =ROUND(100*($H$1-C2)/$H$1, 1)
H3:  =H2-SUM(B2:B10)
H4:  =100*H3/H2
H5:  =COUNT(B2:B10)
```

C2, D2 இரண்டையும் 9-ஆம் வரி வரை இழுங்கள். B$2-இல் உள்ள டாலர் குறி விட்டுப்போனால் கூட்டல் தொடங்கும் இடமும் கீழே நகரும், ஒவ்வொரு வரியும் தன் எடையை மட்டும் காட்டும். பாஸிங் பத்தி ஏறியும் இறங்கியும் போனால் முதலில் இதைப் பாருங்கள். சரியான கணக்கில் பாஸிங் கீழே போகப் போகக் குறையும், அல்லது ஒன்றும் தங்காத சல்லடையில் அப்படியே நிற்கும். ஏறவே ஏறாது.

H5 எதற்கு என்று கேட்கலாம். யாராவது ‘71.5 g’ என்று அலகோடு தட்டினால் ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றதைக் கூட்டும், பிழைச் செய்தி வராது. 103.0-இல் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில O எழுத்து விழுந்தாலும் இதே கதை. போனில் படத்திலிருந்து எழுத்தை நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். COUNT எண்களை மட்டும் எண்ணும். இங்கே 9 வர வேண்டும். 8 வந்தால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் கட்டத்தைத் தேடுங்கள், எண்கள் வலப்பக்கம்தான் ஒட்டும்.

H4-ஐப் பார்க்காமல் D பத்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம் உதாரணத்தில் அது சுமார் 0.33 காட்டும்.

ஒரே தாளில் இரண்டு பட்டியல் இருந்தால்

சரளை அதிகம் உள்ள மண்ணில் ஆய்வகத்தினர் பெரிய மாதிரியை முதலில் 4.75 மி.மீ.-இல் பிரிப்பார்கள். கீழே விழுந்ததில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சின்னச் சல்லடைகளில் சலிப்பார்கள். தாளில் இரண்டு பட்டியலும் இரண்டு மொத்த எடையும் இருக்கும். இரண்டையும் ஒட்டி ஒரே பட்டியலாகக் கூட்டக் கூடாது. 2000 கிராமில் 300 கிராம் 4.75-க்கு மேல் தங்கினால் அந்த இடத்துப் பாஸிங் 85 சதவீதம். இரண்டாம் பட்டியலை அதன் சொந்தத் தொடக்க எடையால் வகுத்துப் பாஸிங் எடுத்து, ஒவ்வொன்றையும் 0.85-ஆல் பெருக்க வேண்டும். அதில் 425 மைக்ரானில் 60 வந்தால் முழு மண்ணுக்கு அது 51. இரண்டாம் பட்டியலின் முதல் வரி 100-க்கு அருகில் தொடங்க, முதல் பட்டியலின் கடைசி வரி 85-இல் முடிந்திருந்தால், பெருக்க மறந்திருக்கிறீர்கள். கூட்டுத்தொகைச் சரிபார்ப்பையும் இரண்டு பட்டியலுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

முடிவை அனுப்பும்போது பாஸிங் பத்தியோடு வகுத்த எடை, கழுவிய பின் எடை, இழப்பு மூன்றையும் ஒரு வரியில் எழுதி, மூலப் போட்டோவையும் இணைத்துவிடுங்கள். போட்டோவில் ஐயமாக இருந்து ஆய்வகத்தில் கேட்டுத் தெளிந்த எண் எதுவும் இருந்தால் அதற்குப் பக்கத்தில் குறி போட்டு, ‘எடைபோட்டவரிடம் உறுதி செய்தது’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அந்தப் படத்தைப் பார்ப்பவர் 11.5 என்று படித்து உங்கள் 76.2-ஐத் திருத்திவிடுவார்.